முதிய நாய்க்கு ஓர் அஞ்சலி உரை

வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து முதுமையில் இறந்த நாயின் நினைவாகக் குடும்பத்தார் கூடும்போது, ஒருவர் எழுந்து நின்று வாசிக்கும் சிறு உரையே அஞ்சலி உரை. மனிதர் இறந்தால் துக்கம் விசாரிக்க ஆட்கள் வருகிறார்கள். காரியம், படையல், பதினாறாம் நாள் என்று துக்கத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. நாய்க்கு அப்படி எதுவும் இல்லை. அலுவலகத்தில் விடுப்பு கேட்கவும் வாய் வராது. ஊரார் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களின் இறுதியில் தனியாக வகைப்படுத்தி எழுதினார். வெளியே சொல்ல இடமில்லாத துக்கம் உள்ளேயே தங்கி நெடுநாள் வருத்தும் என்பதே அவர் சுட்டியதன் சாரம். வீட்டுக்கூடத்தில் பத்துப் பேர் முன்னால் வாசிக்கப்படும் ஒரு பக்க உரை அந்தத் துக்கத்துக்கு ஓர் இடத்தையும் நேரத்தையும் தருகிறது.

நாயை நினைவில் நிறுத்தி எழுதுவது தமிழ் மண்ணுக்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பப்பட்டது. கால்நடைகளைக் காக்கப் போரிட்டு இறந்த வீரன் ஒருவனுக்கான கல் அது. வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. அந்த நாய் அன்பானது, நன்றியுள்ளது என்றெல்லாம் அதில் இல்லை. பெயரும் செய்த செயலும் மட்டுமே இருக்கின்றன. 1,400 ஆண்டுகள் கழித்தும் கோவிவனை வேறெந்த நாயோடும் குழப்பிக்கொள்ள முடியாததற்கு அதுவே காரணம். நல்ல அஞ்சலி உரைக்கு வேண்டிய அடிப்படை முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது.

உரை எப்படி உருவாகிறது என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம். மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றில் செவலை என்ற நாட்டு நாய் 14 வயதில் இறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரை எழுதும் பொறுப்பு கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு வருகிறது. முதல் நாள் இரவு அவள் எழுதிய வரிகள் இவை: செவலை பாசமான நாய், எல்லோரிடமும் அன்பாக இருந்தான், வீட்டுக்குக் காவலாக இருந்தான், அவனை மறக்கவே முடியாது. இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் செவலை என்ற பெயரை எடுத்துவிட்டு எதிர்வீட்டு நாயின் பெயரைப் போட்டாலும் எல்லா வரியும் அப்படியே நிற்கும். எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று அறிய இந்தச் சோதனையே போதும். வேறு நாய்க்கும் பொருந்துகிற வரியை விட்டுவிடலாம்.

அடுத்த நாள் அவள் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்கத் தொடங்குகிறாள். இங்கே கேள்வி முக்கியம். ‘செவலையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எல்லோரும் ‘ரொம்ப நல்லவன்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ‘காலையில் எழுந்ததும் முதலில் எங்கே போவான்?’, ‘வெடிச் சத்தம் கேட்டால் எங்கே ஒளிவான்?’, ‘யார் கையால் மட்டும் மாத்திரை சாப்பிடுவான்?’ என்று கேட்டால் ஆளுக்கொரு செவலை வெளியே வருகிறான். அப்பத்தா சொல்கிறார்: “அவனுக்கு வச்சுட்டுத்தான் நான் தட்டுல கை வைப்பேன். இப்பவும் ஒரு பிடி கூடத்தான் எடுக்குறேன்.” அப்பாவின் பைக் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு கேட்டுக்கு ஓடியதையும், காது மந்தமான பிறகு சத்தம் கேட்காமலே இரவு பத்து மணி வாக்கில் போய்க் கேட்டோரம் படுத்துக்கொண்டதையும் அம்மா சொல்கிறார். தீபாவளிதோறும் கட்டிலுக்கு அடியில் புகுந்தவன், ஒரு வருடம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் படுத்திருந்த பாயை விட்டு நகரவில்லை என்பது தம்பிக்கு மட்டும் தெரிந்த செய்தி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடமும் கேட்க வேண்டும். பகல் முழுவதும் நாயோடு இருந்தவர் அவர்தான். இப்படிப்பட்ட வீடுகளில் அவரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது, அது அவருக்கு வலிக்கிறது.

சேர்ந்தவை அனைத்தையும் உரையில் அடைக்க முடியாது. நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் நூறு சொற்கள் போகும். தொண்டை அடைக்கும் நேரத்தில் அதைவிடக் குறையும். நான்கு நிமிடம் தாண்டாமல் இருக்க 350 சொற்கள் போதும். அதில் மூன்று சம்பவங்களுக்கு இடம் உண்டு. செவலை மழைநாளில் சாக்குப்பைக்குள் குட்டியாகக் கிடைத்தது முதலாவது. பைக் சத்தமும் கேட்டும் இரண்டாவது, அதுதான் உரையின் நடு. மூன்றாவது, அத்தையின் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கி வைத்த புதுச் செருப்பில் ஒன்றை அவன் கடித்துக் குதறியதும், அத்தை பழைய செருப்போடு சபைக்குப் போனதும். இந்த மூன்றாவது அவசியம் வேண்டும். குறும்பும் குற்றமும் இல்லாத நாய் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. கேட்பவர்கள் ஒருமுறையாவது சிரித்துவிட்டால் அதன் பிறகு அழுவதும் எளிதாகிறது.

முதிய நாயின் உரையில் கடினமான பகுதி கடைசிக் காலம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதைத் தாண்டிய நாய்களில் பலவற்றுக்குக் கண் புகை படியும், பின்னங்கால் தளரும், சிறுநீரகம் பழுதுபடும். சிலவற்றுக்கு மனிதரின் மறதி நோய் போன்ற ஒன்று வந்து, இரவில் காரணமின்றிக் குரைப்பதும் சுவர் மூலையைப் பார்த்தபடி நிற்பதும் உண்டு. அந்த மாதங்களில் வீட்டார் சலித்துக்கொண்டிருப்பார்கள், அதட்டியிருப்பார்கள். மருந்து, ஊசி, ரத்தப் பரிசோதனை என்று அந்த வரலாற்றை முழுவதும் எழுதினால் பதினான்கு வருட நாய் கடைசி இரண்டு மாத நோயாளியாகச் சுருங்கிவிடும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கூட்டத்தில் இருப்பவர் மனம் அங்கேயேதான் நிற்கும். இரண்டு மூன்று வரி போதும்: செவலைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது, கடைசி நாட்களில் அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் படுக்க வைப்பார்.

மருத்துவரின் ஊசியால் உயிர் பிரிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வதே நல்லது. முடிவு யாருடையது என்ற கேள்வி அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அரித்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் சம்மதக் கையெழுத்து போட்டவரை. “இனி இவனுக்கு வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னார், நாம் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தோம்” என்ற ஒரு வரி, பல நாள் பாரத்தை அவர் ஒருவரிடமிருந்து எடுத்து எல்லோர் தோளிலும் வைக்கிறது. அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்து முடிவெடுக்காத வீட்டில் அதை எழுதக் கூடாது. வாசிப்பதற்கு முன்பே அவரிடம் தனியாகப் பேசிவிட வேண்டும். சிறு குழந்தைகள் கேட்கும் உரையில் ‘தூங்க வைத்துவிட்டார்கள்’ என்று எழுதுவதைக் குழந்தை வளர்ப்பு அறிந்தவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். அன்றிரவு தூங்கப் போகவே அந்தக் குழந்தை பயப்படலாம். ‘இறந்துவிட்டான்’ என்பதே பாதுகாப்பான சொல்.

இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்ல முடியாததை நாயின் வாயால் சொல்ல வைக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. இலக்கியத்துக்கான நோபல் பரிசை 1936இல் பெற்ற அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ’நீல், கலிஃபோர்னியாவில் ‘தாவோ ஹவுஸ்’ என்ற தம் வீட்டில் வாழ்ந்தபோது அதைச் செய்தார். அவரும் மனைவி கார்லோட்டாவும் வளர்த்த பிளெமி என்ற டால்மேஷன் நாய் முதுமையடைந்து 1940 டிசம்பரில் இறந்தது. மனைவியைத் தேற்றுவதற்காக, பிளெமியே எழுதிவைத்த உயில் போல ஓர் உரையை ஓ’நீல் எழுதினார். தன்னிடம் விட்டுச்செல்லச் சொத்து எதுவும் இல்லை என்று நாய் அதில் சொல்கிறது. தனக்காக நீண்ட காலம் துக்கம் காக்க வேண்டாம் என்கிறது. தன் இடத்துக்கு வேறொரு நாயைக் கொண்டுவரும்படி கேட்டு, தன் கழுத்துப்பட்டையையும் மேலங்கியையும் அதற்கே விட்டுச்செல்கிறது. ‘இன்னொரு நாய் வாங்கலாம்’ என்று கணவர் நேரே சொல்லியிருந்தால் மனைவிக்கு அது கொடுமையாகப் பட்டிருக்கும். பிளெமி சொன்னபோது அனுமதியாகிவிட்டது.

இந்த வடிவத்தைக் கையாளும்போது ஓர் எல்லை உண்டு. நிறைவாக வாழ்ந்து முடித்த முதிய நாய்க்கே இது பொருந்தும். வண்டியில் அடிபட்டு இளவயதில் இறந்த நாயை உயில் எழுத வைத்தால் கேட்பவர்களுக்குத் தாங்காது. செவலையின் வீட்டில் முழு உரையையும் இப்படி எழுத வேண்டியதில்லை. தம்பிக்கு நான்கு வரி கொடுத்து, செவலை என்ன சொல்லியிருப்பான் என்று அவனையே எழுத விடலாம். கட்டிலுக்கு அடியில் உள்ள இடத்தை அடுத்து வருபவனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒரு பையனுக்கு எழுதத் தோன்றும்.

உரையைக் கெடுப்பவை சில உண்டு. ‘மனிதரைவிட நாயே மேல்’ என்ற வரி பலருக்கும் கைக்கு வரும். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் அந்த நாய்க்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்பதை அது மறந்துவிடுகிறது. கேட்டைத் திறந்து வைத்தது யார், மருத்துவரிடம் காட்டத் தாமதித்தது யார் என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை. ‘இனி இந்த வீட்டில் நாயே கிடையாது’ என்ற சபதமும் வேண்டாம். அது பிறகு குழந்தைகளைக் கட்டிப்போடும்.

வாசிப்பதற்கு அதிகம் அழுதவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. எழுதியவர் ஒருவராகவும் வாசிப்பவர் ஒருவராகவும் இருக்கலாம். தாளில் எழுத்து பெரிதாக, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு இருக்கட்டும். முந்தின நாள் இரண்டு முறை சத்தமாக வாசித்தால் எந்த வரியில் குரல் உடைகிறது என்று தெரிந்துவிடும். அந்த வரிக்கு முன்னால் நிறுத்தி மூச்சு வாங்கக் குறியிட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் உட்காரும் ஒருவரிடம் இன்னொரு படி இருந்தால், வாசிப்பவரால் முடியாத இடத்தில் அவர் தொடர்வார். கடைசி வரியாகப் பெயரைச் சொல்லி நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளில் நாயின் பெயர், ஊர், வீட்டுக்கு வந்த ஆண்டு, இறந்த தேதி நான்கையும் எழுதி, தடுப்பூசி அட்டையோடும் ஒரு புகைப்படத்தோடும் சேர்த்து வைக்க வேண்டும். வீட்டில் வயதான நாய் இப்போது இருப்பவர்கள் அது போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அது காலையில் முதலில் எங்கே போகிறது என்பதை இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள்.