எஞ்சிய அமிலம் எவ்வளவு?

100 மி.லி. 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 40 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால், கிடைக்கும் தாங்கல் கரைசலின் pH என்ன? பிளஸ் டூ வேதியியலில் வழக்கமாக வரும் கணக்குதான். ஹென்டர்சன் சமன்பாடு இது:

pH = pKa + log([உப்பு]/[அமிலம்])

அசிட்டிக் அமிலத்தின் pKa 4.76. தொடக்கத்தில் அமிலம் 10 மில்லிமோல், காரம் 4 மில்லிமோல். பலர் 4/10 என்று போட்டு 4.36 என எழுதிவிடுவார்கள். ஆனால் 4 மில்லிமோல் காரம் அதே அளவு அமிலத்தைத் தின்று உப்பாக்கிவிடுகிறது. மிச்சம் 6 தான். எனவே விகிதம் 4/6, அதன் மடக்கை −0.18, விடை 4.58. இரண்டும் ஒரே கரைசலில் இருப்பதால் 140 மி.லி. என்ற மொத்தக் கனஅளவு மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் 4.94 வரும். அமிலம் அதிகமிருக்கையில் pH, pKa-வைத் தாண்டாது. அதை வைத்தே தவறைப் பிடிக்கலாம்.

காரத்தை 100 மி.லி. ஆக்கினால் அமிலமே மிஞ்சாது. அங்கே இந்தச் சமன்பாடு செல்லாது. உப்பின் நீராற்பகுப்பைக் கொண்டு கணக்கிட்டால் pH சுமார் 8.7.