பாட்டில்நெக் கிட்டார்: ஒரு கண்ணாடிக் குழாயும் ஆறு தந்திகளும்

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளை ஃப்ரெட் என்பார்கள்; வீணையில் இதற்கு மெட்டு என்று பெயர். வழக்கமான வாசிப்பில் விரல் தந்தியை அழுத்த, தந்தி ஃப்ரெட்டில் படிந்து அந்த இடத்துக்குரிய ஸ்வரம் பிறக்கிறது. பாட்டில்நெக் முறையில் தந்தி ஃப்ரெட்டைத் தொடவே கூடாது. இடது கை விரல் ஒன்றில் மாட்டிய சிறு குழாய் தந்தியின் மேல் பட்டும் படாமலும் நகர்கிறது. அந்தக் குழாய்தான் ஸ்லைடு. ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல் இழைந்து போக அது வழி செய்கிறது.

கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இந்த இழைவு புதிதல்ல. ஆனால் அந்த வாத்தியத்துக்கு மெட்டே கிடையாது. அதைக் கிடத்திவைத்து, உருட்டுக்கட்டையைக் கையில் பிடித்துத் தந்தியின் மேல் ஓட்டுவார்கள். பாட்டில்நெக்கில் கிட்டார் வழக்கம்போல் உடம்போடு அணைந்திருக்கும். குழாய் ஒரு விரலை மட்டும் எடுத்துக்கொள்ள, மற்ற விரல்கள் வேறு வேலைக்கு மிஞ்சும். அந்த வேலை என்ன என்பதில்தான் இந்த வாசிப்பின் பாதி நுட்பம் இருக்கிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதிக் கறுப்பின இசைஞர்கள் கத்தி முதுகையும், உடைத்துத் தேய்த்த பாட்டில் கழுத்தையும் கொண்டு வாசித்த முறை இது. பெயரும் அங்கிருந்தே வந்தது. மடி வாட்டர்ஸ் அதைச் சிகாகோவின் மின்சார கிட்டாருக்குக் கொண்டுவந்தார். எல்மோர் ஜேம்ஸ் 1951-இல் பதிவு செய்த ‘டஸ்ட் மை ப்ரூம்’ பாட்டின் தொடக்க வீச்சை இன்றுவரை வாசிக்காத ஸ்லைடு கலைஞர் அபூர்வம். ராக் இசையில் இந்த முறைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படுபவர் ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் டுவேன் ஆல்மன். 1968-இல் பிறந்தநாளின்போது சளியோடு இருந்தவருக்குத் தாஜ் மஹால் என்ற பாடகரின் இசைத்தட்டையும் கோரிசிடின் மாத்திரைப் புட்டி ஒன்றையும் கொடுத்ததாகத் தம்பி கிரெக் சொல்லிவந்தார். இசைத்தட்டில் ‘ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்’ பாட்டுக்கு ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசித்த ஸ்லைடு இருந்தது. மாத்திரையைக் கொட்டிவிட்டுப் புட்டியை விரலில் மாட்டிக்கொண்டார் டுவேன். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவான தொகுப்பு அதே பாட்டோடுதான் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் இறந்தபோது வயது 24.

டுவேனின் ஸ்லைடு வாசிப்பில் பெரும்பகுதி ‘ஓப்பன் ஈ’ என்ற சுருதி அமைப்பில் அமைந்தது. சாதாரண கிட்டாரில் ஆறு தந்திகளையும் அப்படியே மீட்டினால் இணக்கமான ஒலி வராது. விரல்கள் வெவ்வேறு ஃப்ரெட்டில் அழுத்தித்தான் கார்டு என்கிற ஸ்வரக்கூட்டை உண்டாக்க வேண்டும். நேரான குழாயால் அது முடியாது. ஒரே கோட்டில்தான் அது தந்திகளைத் தொடும். அதனால் கையை வைக்காமலே ஒரு கார்டு ஒலிக்கும்படி தந்திகளை முன்கூட்டியே மாற்றிச் சேர்த்துவிடுகிறார்கள். ஓப்பன் ட்யூனிங் என்பது இவ்வளவுதான்.

ஓப்பன் ஈ வைப்பதற்கு மூன்று தந்திகளைத் தொட்டால் போதும். மெல்லிய தந்தியை முதல் தந்தி என்று எண்ணினால், ஐந்தாவதையும் நான்காவதையும் இரண்டு ஃப்ரெட் அளவு ஏற்ற வேண்டும், மூன்றாவதை ஒரு ஃப்ரெட் அளவு. தடித்த தந்தியிலிருந்து வரிசையாக இப்போது ச ப ச க ப ச என்று ஒலிக்கும். காந்தாரம் அந்தர காந்தாரம். சரிபார்ப்பதும் எளிது. ஆறாவது தந்தியை ஏழாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் ஐந்தாவது தந்தியின் ஒலி வரவேண்டும், ஐந்தாவதை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் நான்காவதன் ஒலி, நான்காவதை நான்காம் ஃப்ரெட்டில் அழுத்தினால் மூன்றாவதன் ஒலி. மூன்று தந்திகள் இறுகும்போது கழுத்து சற்று வளைந்து மற்றவை இறங்கிப்போகும் என்பதால் ஒரே சுற்றில் வேலை முடியாது. அகௌஸ்டிக் கிட்டாரில் இந்தக் கூடுதல் இழுவையைப் பலர் விரும்புவதில்லை. எல்மோர் ஜேம்ஸ் வைத்ததுபோல் இதே அமைப்பை முழுவதுமாக இரண்டு ஃப்ரெட் கீழே இறக்கி ‘ஓப்பன் டி’ என்று வைத்துக்கொள்வார்கள். மடி வாட்டர்ஸுக்கும், ஸ்லைடு இல்லாமலே கீத் ரிச்சர்ட்ஸுக்கும் பிடித்த ‘ஓப்பன் ஜி’ வேறு வகை. அதில் ஆதார ஸ்வரம் ஐந்தாவது தந்தியில் இருக்கும். கர்நாடக சங்கீதப் பழக்கமுள்ள காதுக்கு முதலில் ஓப்பன் ஈதான் வசப்படும் என்று தோன்றுகிறது.

இப்படிச் சேர்த்த கிட்டாரில் ஒரு ப்ளூஸ் பாட்டுக்குத் தேவையான மூன்று கார்டுகளும் மூன்று இடங்களில் கிடைத்துவிடும். ஈ ஆதாரமானால் வெறும் தந்தியிலோ பன்னிரண்டாம் ஃப்ரெட்டிலோ முதல் கார்டு, ஐந்தாம் ஃப்ரெட்டில் மத்யமத்தின் கார்டு, ஏழில் பஞ்சமத்தின் கார்டு. எல்மோர் ஜேம்ஸ் பாணி வீச்சு, பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கி மேல் தந்திகளைப் பன்னிரண்டுக்கு இழுத்து நிறுத்துவதுதான். மூன்றாம் தந்தியில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே குழாயை மெல்ல நகர்த்தினால் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகக் கனியும். ப்ளூஸின் உயிர் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஃப்ரெட்டில் அழுத்துபவர் அதற்குத் தந்தியை வளைத்தாக வேண்டும்.

குழாய் நிற்கவேண்டிய இடம் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே. விரலால் வாசித்துப் பழகியவர் வழக்கப்படி கம்பிக்குப் பின்னால் வைப்பார். ஸ்வரம் இறங்கி ஒலிக்கும். வாசிப்பவரின் கண் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதும் இடத்தைத் தவறாகக் காட்டும். ஆகவே கடைசித் தீர்ப்பு காதுக்கே. குழாயை அழுத்தினால் தந்தி ஃப்ரெட்டில் இடித்து ‘டக்’ என்ற சத்தம் எழும். போதாமல் தொட்டால் கரகரக்கும். தந்தி பலகைக்கு மிக அருகில் இருந்தால் இந்த இரண்டுக்கும் நடுவே இடமே இருக்காது. அதனால்தான் ஸ்லைடுக்கென்று வைத்திருக்கும் கிட்டாரில் தந்தியைச் சற்று உயர்த்தி, வழக்கத்தைவிடத் தடித்த தந்தியாகப் பூட்டுகிறார்கள்.

இனி குழாய். கடையில் கண்ணாடி, பித்தளை, எஃகு, பீங்கான் என்று கிடைக்கும். பொருளின் பெயரைவிடக் கனமும் மேற்பரப்பின் வழவழப்பும் ஒலியை அதிகம் தீர்மானிக்கின்றன. கனமான குழாய் தந்தியின் அதிர்வோடு சேர்ந்து ஆடாமல் நிற்பதால் ஒலி நீண்டு நிற்கும். மெல்லியது சீக்கிரம் அணைந்துவிடும். எஃகும் பித்தளையும் கூர்மையான, உலோகச் சாயலுள்ள ஒலி தரும். கண்ணாடி மென்மையானது, வழவழப்பால் உரசல் சத்தமும் குறைவு. லிட்டில் ஃபீட் குழுவின் லோவல் ஜார்ஜ் ஸ்பார்க் பிளக் கழற்றும் கனமான சாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒரே ஸ்வரத்தை நெடுநேரம் நிறுத்தினார். டுவேனின் புட்டி அதற்கு நேரெதிர்: இலேசானது, ஒரு முனை மூடியது, வேகமாக ஓடக்கூடியது. ஆம்ப்ளிஃபையர் முழு மூச்சில் இருந்ததால் இலேசான கண்ணாடியிலும் ஒலி நின்றது. மெல்லிய தந்தி, உயரம் குறைந்த கிட்டார் வைத்திருப்பவருக்குக் கனமான பித்தளை பெருந்தொல்லை. தந்தியைத் தன் எடையாலேயே ஃப்ரெட்டில் படியவைத்துவிடும். அளவும் முக்கியம். கையை உதறினால் கழன்று விழக்கூடாது, விரல் மடங்க முடியாமலும் போகக்கூடாது. டுவேன் மோதிர விரலில் மாட்டினார், ரை கூடர் சுண்டு விரலில், பானி ரெய்ட் நடுவிரலில்.

எந்த விரலானாலும் அதற்குப் பின்னால், அதாவது கிட்டாரின் தலைப் பக்கம், குறைந்தது ஒரு விரல் தந்திகளின் மேல் இலேசாகப் படுத்திருக்க வேண்டும். காரணம் இது: குழாய் தந்தியை இரண்டாகப் பிரிக்கிறது. முன்பகுதி வேண்டிய ஸ்வரத்தைத் தரும்போது, தலைப் பக்கம் இருக்கும் பின்பகுதியும் அதிர்கிறது. குழாய் மேலே ஏற ஏற முன்பகுதி சுருங்கி ஸ்வரம் உயரும். பின்பகுதி நீண்டு அதன் ஸ்வரம் இறங்கும். இரண்டும் எதிரெதிராகப் போகும் அந்த முனகலை வேகமான ராக் பாட்டில் ஆம்ப்ளிஃபையர் பல மடங்காக்கிக் காட்டும். பின்னால் கிடக்கும் விரல் அதை அடக்கிவிடுகிறது. கண்ணாடிக் குழாயை மாற்றியும் ‘அழுக்கான’ ஒலி போகவில்லை என்று திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த விரல்தான் குறை.

மீதியை வலது கை பார்த்துக்கொள்ளும். டுவேன் ஸ்லைடு வாசிக்கும்போது பிக் என்கிற மீட்டுத் தகடு இல்லாமல் வெறும் விரல்களால் மீட்டியது இதற்கு வசதியாக இருந்தது. இரண்டாம் தந்தி மட்டும் ஒலிக்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டைவிரலின் பக்கவாட்டு நான்கு, ஐந்து, ஆறு என்ற மூன்று தந்திகளின் மேல் சாய்ந்திருக்கும். ஆள்காட்டி விரல் மூன்றாவதைத் தொட்டிருக்கும். மோதிர விரல் முதல் தந்தியில் கிடக்கும். நடுவிரல் மட்டும் இரண்டாவதை மீட்டுகிறது. அடுத்து முதல் தந்திக்குப் போகவேண்டுமானால் மோதிர விரல் அதை மீட்டி எழும் அதே கணத்தில் நடுவிரல் இரண்டாவதன் மேல் திரும்ப அமர வேண்டும். மீட்டுவதைவிட இந்தத் திரும்ப அமர்தலுக்குத்தான் பழக்கம் அதிகம் வேண்டும்.

ஓப்பன் ட்யூனிங்கில் இந்தக் குறை சில நேரம் மறைந்துவிடும் என்பதுதான் சிக்கல். ஈ ஆதாரத்தில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வாசிக்கும்போது அடங்காமல் ஒலிக்கும் வெறும் தந்தியும் அதே கார்டைச் சேர்ந்ததால் பிழை இனிமையாகவே கேட்கும். ஐந்தாம் ஃப்ரெட்டுக்குப் போனால் குட்டு வெளிப்படும். மத்யமத்தின் கார்டோடு வெறும் தந்தியின் அந்தர காந்தாரம் மோதும். ஆகவே சோதனையை அங்கேதான் செய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபையரில் டிஸ்டார்ஷன் இல்லாமல் ஒலியை உயர்த்தி, ஐந்தாம் ஃப்ரெட்டில் இரண்டாம் தந்தியில் ஒரு ஸ்வரம் மட்டும் வாசித்து, நடுவிரலை அதன் மேலேயே வைத்து நிறுத்த வேண்டும். அதன் பிறகும் கேட்பது வேண்டாத தந்தி. தாழ்ந்த குமுறல் என்றால் கட்டைவிரல் நழுவியிருக்கிறது. மெல்லிய கீச்சென்றால் மோதிர விரல். எந்த ஸ்வரத்திலும் சேராத முனகல் என்றால் குழாய்க்குப் பின்னால் இருக்கும் விரல். ஸ்வரம் நின்ற பிறகு, குழாயைத் தந்தியிலிருந்து எடுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் வரிசை தவறியிருக்கிறது: வலது கை முதலில் ஆறு தந்திகளையும் அமர்த்த வேண்டும், பிறகுதான் குழாய் எழ வேண்டும். இது சரியான பின்பு டிஸ்டார்ஷனைக் கூட்டிக்கொள்ளலாம்.