மாமாவுக்கு ஒரு செக்குக் கணக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு நலம். அத்தையின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போனில் பேசினால் இரண்டு பேரும் சத்தம் போட்டே முடித்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். "ஆபீஸ் வேலையை விட்டுட்டுச் செக்கு ஆட்டப் போறானாமே" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டீர்களாம். கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன்தானே நான், இதற்கும் எழுதிப் பார்த்துவிட்டேன். நீங்கள் சரிபாருங்கள்.

திண்டிவனம் பக்கம் ஒரு மரச்செக்குக்குச் சனிக்கிழமைகளில் போய் நின்று பார்த்தேன். வாகை மர உரல், மோட்டார் வைத்தது. ஒரு ஈட்டுக்கு 15 கிலோ மல்லாட்டைப் பயிறு போடுகிறார்கள். ஆட்டி முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கிறது. பயிறு ரொம்பக் காய்ந்திருந்தால் உலக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் பிரியாது. அந்தப் பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்துத் துளித் துளியாகத் தண்ணீர் தெளித்தார். மாவு உருண்டு வந்து ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. தண்ணீர் கூடினால் எண்ணெய் கலங்கி, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடுமாம். இந்தக் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்குவேன்.

இனிக் கணக்கு. நான் விசாரித்த விலையில் பயிறு கிலோ 120 ரூபாய். 15 கிலோவுக்கு 1,800. அதில் சுமார் 6 லிட்டர் எண்ணெய் வருகிறது. லிட்டர் 300 என்று விற்றால் அதுவும் 1,800. வாங்கிய காசுக்கும் விற்ற காசுக்கும் சரியாகப் போய்விடுகிறது. மிச்சம் நிற்பது 9 கிலோ புண்ணாக்குதான். கிலோ 45 வீதம் 405 ரூபாய். பாட்டில், கரண்டு போக 300 தேறும். பயிறு விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினாலே அதில் பாதி போயிற்று. பாட்டிலில் அடைத்து விற்பதுதான் பெரிய லாபம் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

அதனால் முதல் வருஷம் கூலிக்கு ஆட்டுவதுதான் என் திட்டம். பயிறும் புண்ணாக்கும் கொண்டுவருகிறவர்களுடையது. கிலோவுக்கு 15 ரூபாய் கூலி என்றால் ஈட்டுக்கு 225, கரண்டு போக 200. சரக்கில் என் பணம் முடங்காது. மாதம் 25 நாள், நாளுக்கு மூன்று ஈடு என்றால் 15,000. கடன் தவணை 5,000 போனால் 10,000 நிற்கும். இங்கே சம்பளம் 20,000தான். அறை வாடகை, சாப்பாடு போக 8,000தான் மிஞ்சுகிறது. நாளுக்கு இரண்டு ஈடுதான் வந்தால் 5,000தான் நிற்கும், இங்கே மிஞ்சுவதை விடக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிறு காயாது, எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடவும் முடியாது. அந்த இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் வருவேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் சொந்தக்காரர் என்றும் பார்க்க மாட்டேன். நனைந்து பூஞ்சை பிடித்த பயிற்றை ஆட்ட மாட்டேன். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை மறையும், நஞ்சு போகாது. பெரிய ஆலைகளின் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும்; செக்கில் அப்படி ஒரு வழியே இல்லை. பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பாலிலும் இறங்கும். கறுத்தது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் முறத்தில் போட்டுப் பொறுக்கிய பிறகே உரலில் விழும். நம் ஊர்க் குழந்தைகள் குடிக்கிற பால் அது, மாமா.

கடனுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மனுப் போடுகிறேன். கிராமத்தில் தொடங்கினால் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், நம்மைப் போன்ற பிற்படுத்தப்பட்டோருக்கு 35 சதவீதம் மானியம். ஆனால் அது கைக்கு வராது. மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். புதுத் தொழிலுக்கு மட்டுமே கொடுப்பதால், கடன் அனுமதி வருகிற வரை செக்கும் வாங்க மாட்டேன், வேலையையும் விட மாட்டேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போர்க்கொட்டகையை ஒட்டிய பழைய ஷெட்டில் செக்கைப் போடலாம் என்றீர்கள். அங்கிருப்பது விவசாயத்துக்கான இலவச மின்சாரம். அதில் செக்கு ஓட்டினால் அபராதம் உங்கள் பேரில் விழும். தனி இணைப்பு வாங்க வேண்டும். பட்டா உங்கள் பெயரில் இருப்பதால் சம்மதக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் தேவை. வாடகை எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள், அதையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்