4.2 என்றால் எவ்வளவு மருந்து?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளி. கடுமையான கிருமித்தொற்று உடலெங்கும் பரவி, ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது. சலைன் ஏற்றியும் நிமிரவில்லை. ‘நார்அட்ரினலின், கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், நிமிடக் கணக்கில்’ என்று மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் சிரிஞ்ச் பம்ப் தயாராக இருக்கிறது. ஆனால், சாதாரண பம்ப் ஒன்றுக்கு மைக்ரோகிராமும் தெரியாது, நோயாளியின் எடையும் தெரியாது. அதன் திரை கேட்பது ஒன்றைத்தான்: mL/h. அதாவது, மணிக்கு எத்தனை மில்லிலிட்டர் தள்ள வேண்டும்?

மருத்துவர் எழுதுவது ஒரு அளவில், கருவி கேட்பது வேறொரு அளவில். ஏன் இப்படி? நார்அட்ரினலின் ரத்தத்தில் கலந்த இரண்டொரு நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதனால், நிமிடத்துக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் சிகிச்சை. 40 கிலோ உடம்புக்கும் 80 கிலோ உடம்புக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதால் எடையும் சேர்கிறது. பம்ப் செய்வதோ சிரிஞ்சின் பிஸ்டனை மெல்ல மெல்ல நகர்த்துகிற வேலை. உள்ளே இருப்பது மருந்தா வெறும் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. மருத்துவரின் அளவைக் கருவியின் அளவாக மாற்றுவது செவிலியரின் கையில் இருக்கிறது.

கணக்கு மருந்தைக் கலக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் நார்அட்ரினலின் ஆம்பூல் 2 மி.லி. கொண்டது. ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 2 மில்லிகிராம் நார்அட்ரினலின் பைடார்ட்ரேட் என்று அதில் அச்சிட்டிருக்கும். அது உப்பின் எடை. அதில் உள்ள நார்அட்ரினலின் 1 மில்லிகிராம்தான். எந்தக் கணக்கில் டோஸ் எழுதுவது என்பதை அந்தந்தப் பிரிவு முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் படியிலேயே இரண்டு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். இங்கே நார்அட்ரினலினின் எடையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆம்பூலில் 4 மில்லிகிராம். அந்த 4 மி.லி.யோடு 46 மி.லி. டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்தால் 50 மி.லி. சிரிஞ்ச் நிறைகிறது. 4 மில்லிகிராம் என்பது 4,000 மைக்ரோகிராம். அதை 50-ஆல் வகுத்தால், ஒரு மில்லிலிட்டரில் 80 மைக்ரோகிராம்.

நோயாளியின் எடை 56 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 0.1 வீதம், நிமிடத்துக்கு 5.6 மைக்ரோகிராம் போக வேண்டும். பம்ப் மணிக்கணக்கில் கேட்பதால் 60-ஆல் பெருக்க வேண்டும்: 336 மைக்ரோகிராம். ஒரு மில்லிலிட்டரில் 80 இருப்பதால் 336-ஐ 80-ஆல் வகுத்தால் 4.2 வருகிறது. பம்ப்பில் 4.2 mL/h என்று வைத்து ஓடவிட வேண்டும். சுருக்கமாக எழுதினால்:

டோஸ் × எடை × 60 ÷ ஒரு மி.லி.யில் உள்ள மைக்ரோகிராம்

பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய கணக்குதான். ஆனால் நள்ளிரவில், பக்கத்துக் கட்டில் அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது போட வேண்டிய கணக்கு. புள்ளி ஒன்று விடுபட்டால் 4.2 என்பது 42 ஆகிறது. மருந்து பத்து மடங்கு உள்ளே போய், ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்கு எகிறும். 60-ஆல் பெருக்க மறந்தாலோ விடை 0.07. பம்ப் ஓடுவதுபோல் இருக்கும், நோயாளிக்கு மருந்து போய்ச் சேராது.

இந்த வகைப் பிழையைப் பிடிக்க எளிய கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சிரிஞ்ச் எவ்வளவு நேரம் ஓடும்? மணிக்கு 4.2 என்றால் 50 மி.லி. தீர ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். 42 என்றால் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். 0.07 என்றால் ஒரு மாதம் ஓடும்! நடைமுறை தெரிந்த செவிலியருக்குக் கடைசி இரண்டும் கேட்ட மாத்திரத்தில் உறுத்தும்.

கனடாவின் எட்மன்டன் நகரில் 2006-இல் நடந்த விபரீதம் இந்தக் கேள்வியின் அருமையைக் காட்டுகிறது. மருந்து வேறு, ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்து. 5,250 மில்லிகிராமை நான்கு நாட்களில் சொட்டுச் சொட்டாகச் செலுத்த வேண்டும். கலவையின் செறிவுப்படி ஒரு நாளைக்கு 28.8 மி.லி., அதாவது மணிக்கு 1.2 மி.லி. போயிருக்க வேண்டும். 24-ஆல் வகுக்கும் படி விடுபட்டதால் பம்ப்பில் ஏறியது மணிக்கு 28.8. மருந்து லேபிளில் நாள் கணக்கு 28.8 என்று அச்சிட்டிருந்ததால், தவறான விடையே சரியான விடைபோலத் தோன்றியது. இன்னொரு செவிலியர் சரிபார்த்தும் பிழை பிடிபடவில்லை. நான்கு நாள் மருந்து நான்கு மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது. சில வாரங்களில் நோயாளி இறந்துபோனார்.

இதனால்தான், இரண்டாவது நபர் சரிபார்ப்பது என்றால் முதல் நபரின் விடையைப் பார்த்துத் தலையாட்டுவதாக இருக்கக் கூடாது. மருத்துவரின் உத்தரவையும் எடையையும் லேபிளையும் கையில் வைத்துக்கொண்டு, முதல் விடையைப் பார்க்காமல் தானே கணக்கைப் போட வேண்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போன பிறகே பம்ப்பைத் தொட வேண்டும்.

‘எவ்வளவு நேரம் ஓடும்’ என்ற கேள்விக்கும் சிக்காத பிழை ஒன்று இருக்கிறது. டோஸ் கூடக் கூடச் சிரிஞ்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், அடுத்த சிரிஞ்சை இரட்டைச் செறிவில் கலப்பது வழக்கம். 50 மி.லி.யில் 8 மில்லிகிராம், அதாவது மில்லிலிட்டருக்கு 160 மைக்ரோகிராம். சிரிஞ்ச் மாறுகிறது, திரையில் 4.2 அப்படியே நிற்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் நோயாளிக்குப் போவது 0.1 அல்ல, 0.2. வைக்க வேண்டிய எண் 2.1. சிரிஞ்ச் மாற்றிய சில நிமிடங்களில் வேறு காரணமில்லாமல் ரத்த அழுத்தம் ஏறினால், முதலில் பார்க்க வேண்டியது லேபிளைத்தான்.

எடைப் பிழை இவ்வளவு கொடுமை செய்வதில்லை. 56 கிலோவை 65 என்று எழுதிவிட்டால் விடை 4.9-ஐ ஒட்டி வரும். சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொடும்வரை டோஸை ஏற்றி இறக்குவதே நார்அட்ரினலின் கொடுக்கும் முறை என்பதால், சிறிய வித்தியாசம் அதிலேயே சரியாகிவிடும். செறிவும் புள்ளியும் தவறினால் அந்த அவகாசம் கிடைக்காது.

மருந்தின் பெயர், செறிவு, எடை ஆகியவற்றைப் பதிவு செய்தால் தானே கணக்குப் போடும் ‘ஸ்மார்ட் பம்ப்’கள் இப்போது வந்துவிட்டன. டோஸ் வரம்பு மீறினால் எச்சரிக்கும், சில சமயம் ஓடவே மறுக்கும். ஆனாலும் சிரிஞ்சுக்குள் 80 இருக்கிறதா 160 இருக்கிறதா என்று பார்க்க அவற்றுக்குக் கண் இல்லை. செவிலியர் பதிந்ததையே அவை நம்புகின்றன.

ஆகவே, டியூட்டி மாறும் வேளையில் பல பிரிவுகளில் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். புதிதாக வரும் செவிலியர் கேஸ் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன் திரையையும் சிரிஞ்ச் லேபிளையும் பார்க்கிறார். 4.2-ஐ 80-ஆல் பெருக்கினால் 336, அதை 60-ஆல் வகுத்தால் 5.6, அதை 56-ஆல் வகுத்தால் 0.1. அதன் பிறகே கேஸ் ஷீட்டைத் திறந்து, மருத்துவர் எழுதியதும் 0.1 தானா என்று ஒப்பிடுகிறார். ஒத்துவராவிட்டால், பணி முடித்த செவிலியர் கிளம்புவதற்கு முன்பே இருவருமாக லேபிளிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குகிறார்கள்.