மாறிய டின், மாறாத அறிவுரை

டின்னில் வந்த உணவைத் திறந்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சொல்லிவரும் விதி. அன்று அதைச் சொன்னவர்களுக்குக் காரணம் இருந்தது. இன்று சொல்பவர்களுக்கும் காரணம் உண்டு. இரண்டும் ஒரே காரணமல்ல என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். டின் மாறிவிட்டது, அதை வைக்கும் இடமும் மாறிவிட்டது. அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது.

தகர டப்பாவில் உணவை அடைப்பதற்கான காப்புரிமையை 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் பெற்றார். 1813-இல் பிரையன் டான்கினும் அவருடைய கூட்டாளிகளும் லண்டனில் ஆலை வைத்து, டப்பா இறைச்சியைப் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டை உருளையாக வளைத்து, இரண்டு ஓரமும் சேரும் இடத்தை ஈயப் பற்றாசால் ஒட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்மூடியையும் அடிமூடியையும் பற்றாசே இல்லாமல் மடித்து அழுத்தும் முறை வந்தது. பக்கவாட்டு ஒட்டு மட்டும் பழையபடியே தொடர்ந்தது. அந்த ஒட்டுக்குப் பயன்பட்ட பற்றாசில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு வரை ஈயமே இருந்தது.

மூடிய டப்பாவுக்குள் காற்று மிகக் குறைவு. அதனால் உலோகம் கரைவதும் மெதுவாகவே நடக்கும். டப்பாவைத் திறந்ததும் ஆக்சிஜன் உள்ளே வருகிறது. பழச்சாறு, தக்காளி போன்ற புளிப்பான பொருளும் காற்றும் சேர்ந்தால் உலோகம் வேகமாகக் கரையத் தொடங்கும். பற்றாசு வைத்த டப்பா என்றால் அப்படிக் கரைவதில் ஈயமும் உண்டு. ஈயம் உடலில் சேர்ந்தால் எலும்பில் பல்லாண்டுகள் தங்கிவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மாற்றி வை என்று அன்று சொன்னதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

நம் சமையலறைக்கு இந்த அறிவுரை அந்நியமாகவும் படவில்லை. பித்தளைப் பாத்திரத்தில் வெள்ளீயப் பூச்சு தேய்ந்துவிட்டால் புளிக்குழம்பை அதில் விட்டுவைக்கக் கூடாது, களிம்பு ஏறிவிடும் என்று தெரிந்த வீடுகள் அவை. ஈயம் பூசுகிறவர் தெருவில் குரல் கொடுக்கும்வரை அந்தப் பாத்திரம் பரணில் காத்திருக்கும். புளிப்பும் உலோகமும் நெடுநேரம் சேர்ந்திருக்கக் கூடாது என்பதை யாரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

இன்றைய உணவு டப்பாவின் பக்கவாட்டில் பற்றாசு இருப்பதில்லை. தகட்டின் இரு ஓரங்களையும் மின்சாரத்தால் உருக்கி வெல்டிங் செய்கிறார்கள். மீன் டப்பாக்கள் பலவற்றில் பக்கவாட்டு ஒட்டே கிடையாது. ஒரே தகட்டை அழுத்திக் கிண்ணம்போல் ஆக்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1979-இல் உணவு டப்பாக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஈயப் பற்றாசு வைத்தவை. 1991-இன் இறுதிக்குள் அந்நாட்டு உற்பத்தியாளர்கள் அதைக் கைவிட்டார்கள். 1995-இல் வெளிநாட்டிலிருந்து வரும் டப்பாக்களுக்கும் சேர்த்துச் சட்டத் தடை வந்தது. வேறுபாட்டை நாமே பார்த்துக்கொள்ளலாம். டப்பாவின் காகிதத்தை உரித்து ஒட்டைத் தடவினால், வெல்டிங் ஒட்டு மெல்லிய கோடாக, ஓரளவு சமமாக இருக்கும். பழைய ஒட்டு அகலமாக, மேலே சாம்பல் நிறப் பற்றாசு வழிந்து உறைந்தபடி தடித்திருக்கும்.

ஆக, முதல் காரணம் போய்விட்டது. ஆனால் அதே காலத்தில் இன்னொன்று வீட்டுக்குள் வந்தது: ஃப்ரிட்ஜ்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் திறந்த டின் நீண்ட நாள் இருந்ததில்லை. அன்னாசி டின்னைத் திறந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுவார்கள். விருந்தாளி வந்தால்தான் திறப்பதே. மிஞ்சி இருந்தது கண்டென்ஸ்டு மில்க் மட்டும். ஆணியால் மூடியில் எதிரெதிரே இரண்டு துளை போட்டு, ஒன்றில் காற்று போக மற்றொன்றில் பால் நூலாக இறங்கும். எறும்பு ஏறாமலிருக்க டின்னைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைப்பார்கள். அது கெடாமல் இருந்ததற்குக் காரணம் டின் அல்ல. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை, கிருமிகள் வளரத் தேவையான ஈரத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொண்டது. புளிப்பும் இல்லாததால் உலோகம் கரையவும் வழியில்லை. டால்டா டப்பாவும் அப்படியே. மாதக்கணக்கில் திறந்து மூடிப் புழங்கினார்கள். யாரும் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றவில்லை. கொழுப்பில் நீரும் இல்லை, அமிலமும் இல்லை. விதி ஒன்றாக இருந்தாலும், எங்கே தளர்த்தலாம் என்பது புழக்கத்தில் தெரிந்திருந்தது.

இன்றோ எல்லா டின்னும் ஒரே தட்டில் போய் நிற்கின்றன. அன்று டப்பா மோசம், தங்கும் நேரம் குறைவு. இன்று டப்பா நல்லது, தங்கும் நேரம் அதிகம். குளிர் கிருமியின் வேகத்தை நன்றாகக் குறைக்கிறது. உலோகம் கரைவதையும் மெதுவாக்குகிறது, ஆனால் நிறுத்துவதில்லை.

இதற்கு அன்னாசி டின்தான் சரியான எடுத்துக்காட்டு. பெரும்பாலான உணவு டப்பாக்களின் உட்புறத்தில் இன்று லாக்கர் பூச்சு உண்டு. அன்னாசி, பீச், பேரிக்காய் போன்ற வெளிர்நிறப் பழங்களுக்கான டப்பாக்களில் மட்டும் பல நேரம் அந்தப் பூச்சை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள். வெள்ளீயம் சிறிதளவு கரைந்தால்தான் பழத்தின் நிறம் கருக்காமல், சுவை மாறாமல் இருக்கும். வெள்ளீயம் தான் கரைந்து, அடியிலிருக்கும் இரும்பையும் காப்பாற்றுகிறது. டப்பா மூடியிருக்கும்வரை இது நல்ல ஏற்பாடு. அந்த வெள்ளீயப் பூச்சு ஏறக்குறைய ஒன்றரை மைக்ரான் தடிமன்தான். உருகிய வெள்ளீயத்தில் தகட்டை முக்கியெடுத்த காலத்தில் பூச்சு இதைவிடத் தடிப்பு. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போய் வெள்ளீயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மின்னாற்பகுப்பால் மெல்லிதாகப் பூசும் முறை வேகமாகப் பரவியது.

850 கிராம் அன்னாசி டின் ஒன்றைக் கேசரிக்காகத் திறந்து, பாதியைச் சாற்றோடு ஃப்ரிட்ஜில் வைப்பதாகக் கொள்வோம். நான்கைந்து நாள் கழித்துப் பழத்தைக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தால், சாறு நின்ற மட்டத்துக்கு மேலே தகடு பளபளப்பாகவே இருக்கும். மட்டத்துக்குக் கீழே மங்கிய சாம்பல் நிறத்தில் படர்ந்த தடங்கள் தெரியும். சாறும் காற்றும் சந்தித்த இடத்தில் வளையமாக ஒரு கோடு விழுந்திருக்கும். கரைந்துபோன வெள்ளீயம் இப்போது பழத்தில் இருக்கிறது. டப்பா உணவில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரைதான் வெள்ளீயம் இருக்கலாம் என்பது கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு. ஏறத்தாழ அந்த அளவை எட்டும்போது சிலருக்குக் குமட்டல், வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். வாயில் முதலில் தெரிவது உலோகச் சுவை. ஈயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. வெள்ளீயத்தை உடல் மிகக் குறைவாகவே உள்வாங்கி, மீதியை வெளியேற்றிவிடும். அன்றைய ஆபத்து ஓசையின்றிச் சேர்ந்து வாழ்நாள் முழுதும் தங்கியது. இன்றையது வயிற்றைப் புரட்டிவிட்டு ஓரிரு நாளில் போய்விடும்.

லாக்கர் பூசிய டப்பா அடையாளம் காண எளிது. உட்புறம் பொன்னிறமாகவோ வெள்ளையாகவோ வழுவழுப்பாக இருக்கும். பட்டாணி, கொண்டைக்கடலை, டின் மீன் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. மீன் டப்பாவில் சில சமயம் காணும் கருந்திட்டு, மீன் புரதத்திலுள்ள கந்தகம் உலோகத்தோடு சேர்ந்ததால் வருவது; அதனால் கெடுதி இல்லை. இத்தகைய டப்பாவில் மிச்சத்தை அப்படியே மூடி ஃப்ரிட்ஜில் வைப்பது பாதுகாப்பானதே, சுவைக்காக வேண்டுமானால் மாற்றலாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. மாற்றியே வையுங்கள் என்பது பிரிட்டனின் வழக்கமான அறிவுரை. இரண்டும் முரண் அல்ல. ஒன்று இன்றைய பெரும்பான்மை டப்பாவை மனத்தில் வைத்துச் சொல்கிறது. மற்றது, எந்த டப்பா எப்படிப்பட்டது என்று வீட்டில் ஆராய மாட்டார்கள் என்று எண்ணிச் சொல்கிறது.

லாக்கர் வந்ததும் புதுக் கவலை ஒன்றும் வந்தது. பல ஆண்டுகள் அந்தப் பூச்சில் பிஸ்ஃபீனால்-ஏ என்ற வேதிப்பொருள் இருந்தது. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்துவிட்டது. பிற இடங்களிலும் மாற்றுப் பூச்சுகள் வந்துவிட்டன. ஆனால் திறந்தபின் பாத்திரம் மாற்றுவதால் இதில் பெரிய பயன் இல்லை. அந்தப் பொருள் உணவில் இறங்குவது பெரும்பாலும் ஆலையில், அடைத்த டப்பாவைக் கொதிநிலைக்கும் மேலே சூடாக்கும்போதுதான்.

கிருமி விஷயத்திலும் பாத்திரம் மாற்றுவது மருந்தாகாது. திறந்த கணத்தில் டப்பாவின் உட்புறம் நம் வீட்டின் எந்தக் கிண்ணத்தையும்விடச் சுத்தமானது. ஈரக் கரண்டியும் துடைக்காத டப்பாவும்தான் கிருமியைக் கொண்டுவருகின்றன. திறந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைப்பதும், மீன், பருப்பு வகைகளை மூன்று நான்கு நாளிலும் புளிப்புப் பழங்களை ஐந்து முதல் ஏழு நாளிலும் முடிப்பதுமே பாதுகாப்பு. மாற்றுவதில் இன்னொரு நன்மை மூடி. வெட்டிய டின்னைச் சரியாக மூட முடியாது, வெங்காய வாசனை உள்ளே போகும். வெட்டிய விளிம்பில் பூச்சில்லாத இரும்பு வெளித்தெரிந்து ஈரத்தில் துருவேறும்.

மாற்றும்போது இழப்பதும் ஒன்று உண்டு. டப்பாவின் மேல் பொருளின் பெயரும் தேதியும் அச்சாகியிருக்கும். எவர்சில்வர் டப்பாவுக்குப் போனதும் அது பெயரில்லாத உணவாகிவிடும். நான்காம் நாள் எது, எட்டாம் நாள் எது என்று தெரியாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்ததில்லை. இன்று, புளிப்பான பழமும் பூச்சில்லாத வெள்ளி நிறத் தகடும் சேர்ந்தால் உடனே மாற்ற வேண்டும். லாக்கர் பூசியது என்றால் வசதிபோல் செய்யலாம். எதைச் செய்தாலும் திறந்த தேதியை ஒரு காகிதத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஈயத்துக்கு அஞ்சிய தலைமுறைக்குத் தேவைப்படாத இந்த வேலை, ஃப்ரிட்ஜை நம்பும் தலைமுறைக்குத் தேவைப்படுகிறது.