இறுகிய உறையா, விறைத்த தசையா?

ஒருவருக்கு 42 வயது என்று வைத்துக்கொள்வோம். கால்கள் வீங்கியிருக்கின்றன. கல்லீரல் கோளாறு என்று நினைத்து வயிற்றிலிருந்து இரண்டு முறை நீர் எடுத்தார்கள், மறுபடியும் சேர்ந்துவிட்டது. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்து நரம்பு புடைத்து நிற்பதை ஒரு மருத்துவர் கவனிக்கிறார். கல்லீரல் மட்டும் கெட்டிருந்தால் அது பொதுவாக அப்படிப் புடைக்காது. எக்கோ எடுத்தால் இதயம் நன்றாகச் சுருங்குகிறது. ஆனால், விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை.

இப்படி ஆவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இதயத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறை தழும்பேறி, ஓடுபோல இறுகியிருக்கலாம். நம் நாட்டில் இதற்கு முக்கியக் காரணம் காசநோய். அல்லது உறை நன்றாக இருந்து, இதயத் தசையே விறைத்திருக்கலாம். அமிலாய்டு என்ற புரதம் தசையில் படிவது அதற்கு ஓர் உதாரணம். உறை இறுகியிருந்தால் அதை உரித்தெடுக்கும் அறுவை சிகிச்சையால் பலர் நலம் பெறுகிறார்கள். தசை விறைத்தவருக்கு அந்த அறுவையால் பயனில்லை, ஆபத்துதான் மிச்சம்.

இரண்டையும் பிரித்துக்காட்ட மூச்சு உதவுகிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறையும். இறுகிய ஓட்டுக்குள் இருக்கும் இதயத்தை அந்த மாற்றம் சரியாக எட்டாது. நுரையீரலிலிருந்து இடப்பக்கத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. ஓட்டுக்குள் மொத்த இடம் கூடாது என்பதால், வலப்பக்கம் நிறைய ரத்தம் வாங்கி நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளுகிறது. மூச்சை விடும்போது சுவர் திரும்புகிறது. எக்கோவில் இது தெரியும். தசை விறைத்த இதயத்தில் மூச்சுக்கேற்ற இந்த ஊசலாட்டம் பெரிதாக இருக்காது.

அடுத்து, தசை விரியும் வேகம். இருதய அறைகளுக்கு நடுவே வால்வு வளையம் நகரும் வேகத்தை, நடுச்சுவர்ப் பக்கத்தில் எக்கோ அளக்கிறது. உறைநோயில் தசை நல்லதாகையால் அது பெரும்பாலும் நொடிக்கு 9 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். விறைத்த தசையில் பொதுவாக 8-க்கும் கீழே போகும்.

நம் நோயாளிக்கு வேகம் 11. சுவரும் மூச்சோடு ஆடுகிறது. சி.டி. ஸ்கேனில் உறையில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறது. ஆக, உறைதான் குற்றவாளி. ஆனால் உறை தடிக்காமலேயே இறுகுவதும் உண்டு. ஆகவே ஸ்கேனில் தடிப்பு இல்லை என்று மட்டும் நோயைத் தள்ளிவிடக் கூடாது. எக்கோவில் சந்தேகம் நீடித்தால் இரு கீழறைகளுக்குள்ளும் குழாய் செலுத்தி, மூச்சோடு அழுத்தங்கள் எதிரெதிராக நகர்கின்றனவா என்று பார்ப்பார்கள். மார்பில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கு உறையும் தசையும் சேர்ந்தே கெட்டிருக்கலாம். அவர்களிடம் தீர்ப்புச் சொல்வது கடினம்.

வயிற்றில் நீர் கோத்து, கழுத்து நரம்பும் புடைத்திருந்தால், கல்லீரலோடு இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.