தொப்பைக்குள் மறைந்திருக்கும் கொழுப்பு

“அவர் மெலிந்த உடம்புக்காரர்தாம், வயிறு மட்டும் சற்றே முன் தள்ளியிருக்கிறது” என்று நம் இல்லங்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் மருத்துவர் கவலையோடு நோக்குவது அந்த வயிற்றைத்தான்.

வயிற்றுப் பகுதியில் கொழுப்பு ஈரிடங்களில் தங்குகிறது. நாம் விரல்களால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது தோலுக்கடியில் உள்ள கொழுப்பு. மற்றொன்று, வயிற்றுத் தசைகளுக்கும் உள்ளே, குடலைத் தாங்கும் சவ்வு மடிப்புகளிலும் உறுப்புகளைச் சுற்றிலும் படிவது. அதைக் கிள்ளிப் பார்க்க இயலாது.

உட்கொழுப்பு ஏன் கொடியது? குடற்பகுதியின் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் குழாய் வழியாக நேரே கல்லீரலை அடைகிறது. குடற்சவ்வில் படிந்த கொழுப்பு வெளிவிடும் கொழுப்பு அமிலங்களும், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் அவ்வழியே கல்லீரலுக்குள் புகுகின்றன. அங்கே கொழுப்பு சேரச்சேர, கல்லீரல் இன்சுலினின் கட்டளைக்குச் சரிவரப் பணிவதில்லை. உண்ணாத வேளையிலும் சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டேயிருக்கிறது. நீரிழிவும் இதயநோயும் இவ்வாறு வழிதேடிக்கொள்கின்றன. தோலடிக் கொழுப்போ பெரும்பாலும் மிகுதியான கொழுப்பைப் பத்திரப்படுத்தும் களஞ்சியமாகவே இருக்கிறது. அக்களஞ்சியம் போதாதபோதுதான் மிச்சம் உள்ளே சென்று தங்குகிறது.

இவ்வேறுபாட்டை விளக்கும் ஆய்வொன்று 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாயிற்று. உடல் பருத்த 15 பெண்களின் வயிற்றிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ தோலடிக் கொழுப்பைக் குழாயிட்டு உறிஞ்சி எடுத்தனர். சில வாரங்கள் கழித்துச் சோதித்தபோது, இன்சுலினின் செயலோ இரத்த அழுத்தமோ குறிப்பிடத்தக்க அளவில் சீரடையவில்லை. உள்ளிருந்த கொழுப்பு அப்படியே இருந்ததல்லவா!

உட்கொழுப்பைத் துல்லியமாக அளக்க சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். கொப்பூழ் மட்டத்தில் எடுத்த குறுக்குப் படத்தில் உட்கொழுப்பின் பரப்பைக் கணக்கிடுவர். ஜப்பானியர் 100 சதுர சென்டிமீட்டரை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டுள்ளனர். எனினும் இதற்கெனவே எல்லாருக்கும் படமெடுப்பது தேவையற்ற செலவு, சி.டி. படத்தில் கதிர்வீச்சும் உண்டு.

நம் வீட்டிற்கு அளவுநாடாவே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, தோலை அழுத்தாமல் நாடாவைச் சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். இந்தியர்க்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர் எல்லை. உயரத்தில் பாதிக்கு மேற்படாதிருத்தலும் நல்ல அடையாளம்.

165 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவரை எண்ணிப் பார்ப்போம். எடை பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் இடைச்சுற்று 96. உயரத்தில் பாதியோ 82.5தான். எடைமேடை சொல்லாததை நாடா சொல்லிவிட்டது. உள்ளும் புறமும் உள்ள கொழுப்பை நாடா பிரித்துக் காட்டாதாகையால், அடுத்து அவர் இரத்தச் சர்க்கரை, டிரைகிளிசரைடு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைச் சோதித்தறிய வேண்டும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. நாள்தோறும் விரைந்து நடப்பவர்க்கு எடை குறையாதபோதும் உட்கொழுப்பு குறையக்கூடும். ஆகவே எடையோடு இடையையும் அளந்து குறித்து வருவோமாக.